காலுறைக்கு அப்பால்: லேசர், பசை, நுரை

கேள்வி: வெரிகோஸ் வெயினுக்குக் காலுறை அணிந்தும் பயனில்லை. லேசர், பசை, நுரை ஆகியவை எப்படி வேலை செய்கின்றன? குணமாக எவ்வளவு நாளாகும்?

மூன்றும் செய்வது ஒன்றையே: வால்வு பழுதாகி இரத்தம் கீழ்நோக்கி வழியும் சிரையை மூடிவிடுகின்றன, இரத்தம் ஆழ்சிரைகள் வழியே திரும்பிச் செல்லும். எனவே எந்தச் சிரை பழுது என்பதை, நிற்கவைத்து எடுக்கும் டாப்ளர் ஸ்கேன்தான் தீர்மானிக்க வேண்டும்.

தொடையின் உட்புறப் பெருஞ்சிரை பழுதாகி, கெண்டைக்காலில் சிரைகள் புடைத்துள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். லேசர் முறையில், முழங்கால் அருகே ஊசி வழியாக மெல்லிய இழையைச் செலுத்தி, இடுப்பு மடிப்பில் ஆழ்சிரையோடு சேரும் இடத்துக்குச் சுமார் 2 செ.மீ. முன்பே நிறுத்தி, லேசர் வெப்பத்தால் சிரையை மூடுவார்கள். சிரையைச் சுற்றி நீர்த்த மரப்பு மருந்தைச் செலுத்துவது வலிக்காக மட்டுமல்ல, வெப்பம் தோலையும் நரம்பையும் சுடாமலிருக்கவும்தான். அன்றே நடக்கலாம், ஓரிரு வாரம் தொடை இழுத்துப் பிடிக்கும்.

பசையில் வெப்பம் இல்லாததால் அத்தனை ஊசிகள் தேவையில்லை; பெரும்பாலும் காலுறையும் வேண்டாம். ஆனால் சிலருக்குச் சில நாட்களில் சிரை நெடுகச் சிவந்து அரிக்கும். பசை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நுரை, சிரையின் உட்சுவரை அரித்து ஒட்டவைக்கும். இழை நுழைய முடியாத வளைந்த கெண்டைக்கால் கிளைகளுக்கு அது பொருத்தம். பெருஞ்சிரைக்கு அதை மட்டும் நம்பினால் மீண்டும் திறக்கும் வாய்ப்பு அதிகம். பழுப்புக் கறை மாதக்கணக்கில் தங்கலாம்.

எம்முறையானாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.