ஐபிஎல் பந்தயக் குழுவில் மாட்டிய பணம்: முதலில் எதைக் கேட்பது?

ஐயா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். டெலிகிராம் குழு ஒன்றில் ஏஜென்ட் ஒருவர் கொடுத்த ஐடியில் ஐபிஎல் பந்தயம் கட்டினேன். அவர் அனுப்பிய யுபிஐ எண்களுக்கு மொத்தம் 85,000 ரூபாய் போட்டேன். இப்போது பேலன்ஸ் 2,40,000 காட்டுகிறது. ஒருமுறை 6,000 மட்டும் வந்தது. மீதியைக் கேட்டால் 30 சதவீதம் வரி கட்டச் சொல்கிறார். இதற்கிடையே வேறு மாநில போலீஸ் சொன்னதாக பேங்க் என் கணக்கை முடக்கிவிட்டது. நண்பர்கள் இருவரையும் குழுவில் சேர்த்திருக்கிறேன். பணம் கிடைக்குமா?

முதலில் அந்த வரியைக் கட்டாதீர்கள். ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வரி உண்டு என்பது உண்மைதான், அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. ஆனால் சட்டப்படி அதைப் பிடிக்க வேண்டியது பணம் கொடுப்பவர், கொடுக்கும் தொகையிலேயே கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். தனியாக ஒரு யுபிஐ எண்ணுக்கு 72,000 அனுப்பச் சொல்வது வரி அல்ல. அதைக் கட்டினால் அடுத்து ‘வெரிஃபிகேஷன் கட்டணம்’ வரும்.

2,40,000-ஐ மறந்துவிடுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 30-ன்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு எந்த சிவில் நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமும் இருக்கிறது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதைத் தடுக்கிறது. தவிர, அந்த பேலன்ஸ் எண் ஏஜென்ட்டே தட்டிப் போட்டதாகவும் இருக்கலாம்.

நீங்கள் போட்ட 85,000 வேறு கதை. திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் ஆசை காட்டி வாங்கியிருந்தால் அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ன்படி ஏழு ஆண்டு வரை சிறை. எனவே புகாரில் ‘ஜெயித்த பணத்தைத் தரவில்லை’ என்று எழுதாமல், 6,000 கொடுத்து நம்பவைத்ததையும், பொய்யான வரி கேட்டதையும் முன்னால் வையுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், cybercrime.gov.in-லும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய யுடிஆர் என்ற அடையாள எண் முக்கியம், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று அதை வைத்துத்தான் தேடுவார்கள். அங்கே மிச்சம் இருந்தால் நிறுத்திவைப்பார்கள், பிறகு நீதிமன்ற உத்தரவு பெற்று மீட்கலாம். இந்தக் கணக்குகளில் பணம் மணிக்கணக்கில்கூட தங்காது என்பதால் பழைய டெபாசிட்டுகளுக்கு நான் பெரிய நம்பிக்கை தரமாட்டேன்.

‘நானும் மாட்டிக்கொள்வேனா’ என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தமிழ்நாட்டுச் சட்டத்தில் சூதாடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்த அபாயத்தை ஏற்றுத்தான் புகார் கொடுக்க வேண்டும். பந்தயத்தை மறைத்து ‘முதலீடு’ என்று எழுதாதீர்கள், டெலிகிராம் சாட்டை போலீஸ் எடுத்துப் பார்த்ததும் உங்கள் புகாரே பொய்யாகிவிடும். எனக்கு அதைவிடக் கவலை, நண்பர்களைச் சேர்த்தது. அதற்குக் கமிஷன் வாங்கியிருந்தால், நீங்களும் ஆள் பிடித்தவராகப் பார்க்கப்படலாம். சூதாட்டத்துக்குத் தூண்டி விளம்பரம் செய்வதற்கு அதே சட்டத்தில் ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் வரை அபராதமோ உண்டு. இதை வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு அப்புறம் புகாரில் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, கணக்கு ஏன் முடங்கியது? உங்களுக்கு வந்த 6,000 பெரும்பாலும் ஏஜென்ட்டின் பணம் அல்ல. வேறு ஊரில் ஏமாந்த ஒருவரின் பணத்தை நேராக உங்களுக்குத் திருப்பிவிட்டிருப்பார். அந்த ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் பணம் போன வழியெல்லாம் பூட்டு விழும். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் அனுப்பியவர் பெயரைப் பாருங்கள், நீங்கள் டெபாசிட் போட்ட எந்தப் பெயரோடும் அது பொருந்தாது என்று நினைக்கிறேன்.

பேங்கிடம் எழுத்து மூலம் நான்கைக் கேளுங்கள்: புகார் எண், காவல் நிலையம், சந்தேகப் பரிவர்த்தனை, அதன் தொகை. பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு ஸ்டேட்மென்ட்டோடு விளக்கம் அனுப்பி, 6,000-ஐ மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோருங்கள். தொகையே சொல்லாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவதை சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் ஏற்கவில்லை. அதிகாரி அசையாவிட்டால் ரிட் மனுவில் இதைக் காட்டலாம்.

கோபத்தில் குழுவை விட்டு வெளியேறாதீர்கள். டெலிகிராமில் அட்மின் நினைத்தால் எல்லாச் செய்தியையும் அழித்துவிட முடியும். இன்றே கணினியில் டெலிகிராமைத் திறந்து Export chat history மூலம் சாட் முழுவதையும் இறக்கிவையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் யுபிஐ எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம், மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தரும்போது மூலக் கருவி கேட்கப்படும்.

வெளிமாநில போலீஸிடமிருந்து நோட்டீஸ் வந்தால் பிரிவைப் பாருங்கள். பிஎன்எஸ்எஸ் எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179 என்றால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 35(3) என்றால் உங்கள் மேல் சந்தேகம் இருக்கிறது, வக்கீலைப் பார்த்துவிட்டு, குறித்த தேதியில் ஆஜராக வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தது என்று அலட்சியமாக விட்டுவிடாமல், அந்தக் காவல் நிலையத்தின் எண்ணை நீங்களே தேடியெடுத்துக் கேட்டு உறுதிசெய்யுங்கள். இதே கும்பல்கள் போலி நோட்டீஸும் அனுப்புவதுண்டு.