நன்றிக்குப் பின் முற்றுப்புள்ளியா?

கேள்வி: ஏற்காட்டில் அம்மா வீட்டுக்குப் போக 4 நாள் விடுப்பு வேண்டும். மேலாளருக்குத் தமிழிலும் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்திலும் கடிதம் எழுதினேன். நன்றி, இப்படிக்கு, கையெழுத்து என்று முடித்தால் போதாதா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: போதாது. அந்த 4 நாளில் உங்களை எப்படிப் பிடிப்பது என்ற வரியே உங்கள் முடிவில் இல்லை. மேலாளர் முதலில் தேடுவது அதைத்தான். கைப்பேசி எண்ணை மட்டும் எழுதினாலும் சரிவராது. சேர்வராயன் மலையின் உள்கிராமங்களில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காதே! இப்படி எழுதுங்கள்: ‘விடுப்பு நாள்களில் ஏற்காட்டில் என் அம்மா வீட்டில் இருப்பேன். மாலை 6 மணிக்கு மேல் என் எண்ணில் பேசலாம். மற்ற நேரத்தில் என் அண்ணன் எண்ணுக்குச் சொன்னால் எனக்குத் தகவல் வந்துவிடும்.’ இரண்டு எண்களையும் கீழேயே எழுதிவிடுங்கள். இந்த வரிகள் நன்றிக்கு முன்னால் வர வேண்டும். கையெழுத்துக்குக் கீழே ஒட்டவைத்தால் கண்ணில் படாமல் போகும்.

அடுத்தது நன்றி. ‘விடுப்பு அளித்தமைக்கு நன்றி’ என்று எழுதாதீர்கள். அவர் இன்னும் அளிக்கவில்லை. வெறும் ‘நன்றி’ போதும்.

அப்புறம் வலப்பக்கம் ‘இப்படிக்கு,’ அதன் கீழே ‘தங்கள் உண்மையுள்ள,’ அதன் கீழே கையெழுத்து, பெயர், பதவி. ‘உண்மையுள்ள’ என்பது தனியாக நிற்காது, கீழே உள்ள உங்கள் பெயரோடு சேர்ந்துதான் பொருள் முடிகிறது. அங்கே முற்றுப்புள்ளி வைத்தால் தொடர் பாதியில் அறுந்துவிடும்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘தேங்கிங் யூ’ முழு வாக்கியம் அல்ல. பழைய கடிதங்களில் அது ‘ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று ஓடிப் பெயரில் போய் முடியும். அதனால்தான் அதன் பின் காற்புள்ளி. ‘தேங்க் யூ’ என்று எழுதினால் முற்றுப்புள்ளி சரி. ‘யுவர்ஸ்’ என்பதில் கடைசி எஸ்ஸுக்கு முன்னால் மேலே ஒரு கொக்கி போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. அது பிழை, விட்டுவிடுங்கள். ‘டியர் சர்’ என்று தொடங்கினால் ‘ஃபெய்த்ஃபுல்லி’, பெயர் சொல்லித் தொடங்கினால் ‘சின்சியர்லி’ என்பது பிரிட்டிஷ் வழக்கம். நாம் பின்பற்றுவதும் அதுதான். ‘ஒபீடியன்ட்லி’ பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும், வேலை பார்க்கும் உங்களுக்கு அது தேவையில்லை.

இடப்பக்கம் இடம், நாள். நீங்கள் போவது ஏற்காடுதான், ஆனால் எழுதுவது சேலத்தில். எனவே இடம்: சேலம். நாளும் எழுதுகிற நாள்தான், விடுப்பு தொடங்கும் நாள் அல்ல.