காய்ச்சல், தொண்டை வலியோடு உடம்பெல்லாம் பொடிப்பொடியாகச் சிவந்திருக்கிறது, நாக்கும் ஸ்ட்ராபெரி மாதிரி இருக்கிறது. இது ஸ்கார்லெட் காய்ச்சலா? என்ன மருந்து கொடுப்பார்கள்?

நீங்கள் சொல்கிற அடையாளங்கள் அதற்குத்தான் பொருந்துகின்றன. பயப்பட வேண்டாம், ஆனால் இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற காய்ச்சல் இல்லை இது.

நாங்கள் ரங்கூனில் இருக்கிறோம். என் மகளுக்கு 7 வயதில் இது வந்தது. பள்ளிவிட்டு வந்ததும் தொண்டை வலி என்றாள், ஒரு தரம் வாந்தி எடுத்தாள், இரவில் காய்ச்சல் 39 டிகிரி. மறுநாள் சாயங்காலம் கழுத்தில் பூசியிருந்த தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்தை ஈரத்துணியால் துடைத்தபோதுதான் கையில் தட்டுப்பட்டது. தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. படங்களில் பளிச்சென்று சிவந்து தெரிவது வெள்ளைத் தோலில். நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு லேசாகக் கருத்த மாதிரிதான் இருக்கும், அதனால் கண்ணைவிட விரலை நம்புங்கள். கழுத்து, நெஞ்சு, அக்குள், தொடை இடுக்கு, இங்கெல்லாம் தடவிப் பாருங்கள். முழங்கை மடிப்பில் கோடு போட்ட மாதிரி சிவப்பு கூடியிருக்கும். கன்னம் சிவந்து, வாயைச் சுற்றி மட்டும் வெளுத்திருக்கும். எங்கள் ஊரில் கன்னத்தில் தனாக்கா பூசியிருந்தால் இதுவும் மறைந்துபோகும், கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும்.

நாக்கு முதல் நாளே சிவக்காது. முதலில் வெள்ளையாக மாவு படிந்து, அதற்குள்ளிருந்து சிவப்புப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். நாலைந்து நாளில் அந்த வெள்ளை உரிந்த பிறகுதான் மேமியோ ஸ்ட்ராபெரி மாதிரி செக்கச்செவேலென்று புள்ளி புள்ளியாக நிற்கும். நாக்கு சிவக்கட்டும் என்று காத்திருந்தால் நாலு நாள் வீணாகிவிடும்.

என் மாமியார் தோலைப் பார்த்ததும், "அம்மை போட்டிருக்கும்மா, ஊசி மருந்து எதுவும் வேணாம்" என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகினார். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் இன்னும் இதுதான் வழக்கம். நான் அவரிடம் சொன்னது இதுதான்: "அத்தை, சின்னம்மை என்றால் நீர் கோத்த கொப்புளம் வரும். தட்டம்மை என்றால் இருமலும் மூக்கொழுகலும் இருக்கும், கண் சிவக்கும், தடிப்பு முகத்திலும் காதுக்குப் பின்னாலும்தான் தொடங்கும். இவளுக்கு இருமலே இல்லை, தொண்டைதான் புண்ணாகக் கிடக்கிறது." வேப்பிலையை நான் எடுக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே சயாமா, அதாவது டாக்டரம்மா, டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். டான்சில் வீங்கிச் சிவந்து, மேலே சீழ்ப் புள்ளிகள் இருந்தன. தாடைக்குக் கீழே தொட்டதும் வலித்தது. தொண்டையில் பஞ்சால் தொட்டெடுத்துப் பரிசோதிப்பதும் உண்டு, அந்த வசதி அங்கே இல்லாததால் அடையாளங்களை வைத்தே முடிவு செய்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையில் உட்கார்ந்து நஞ்சு சுரக்கிறது, அந்த நஞ்சுதான் தோலில் பொரிபொரியாகத் தெரிகிறது என்று விளக்கினார். அதனால் தோலுக்கு எந்தக் களிம்பும் தேவையில்லை, தொண்டையில் இருப்பதைக் கொன்றால் போதும்.

பென்சிலின் வகை மருந்துதான் இதற்கு முதல் மருந்து. இந்தக் கிருமி இன்றுவரை பென்சிலினுக்கு எதிர்ப்பு பெறவில்லை. மகள் எடை 20 கிலோ. கிலோவுக்கு 50 மில்லிகிராம் கணக்கில் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் அமாக்சிசிலின், காலை 500, மாலை 500, மொத்தம் 10 நாள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப் என்பதால் வேளைக்கு 10 மில்லி. 10 நாளைக்கு 200 மில்லி ஆகும், 60 மில்லி பாட்டில் நாலு வாங்கினோம். தண்ணீர் கலந்த சிரப் சில நாட்கள்தான் தாங்கும், எனவே ஒரு பாட்டில் முடிந்த பிறகே அடுத்ததைக் கலக்கச் சொன்னார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தோம். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். இது அவள் எடைக்கான கணக்கு, உங்கள் பிள்ளைக்கு டாக்டர்தான் சொல்ல வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து இருக்கிறது. பத்து நாள் மருந்து இறங்காத பிள்ளைக்கு ஒரே தடவை போடுகிற பென்சிலின் ஊசியும் உண்டு.

இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது, மூன்றாம் நாள் ஓடியாடி விளையாடினாள். இங்கேதான் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். என் தம்பிக்கும் அப்படித்தான் ஆனது. சின்ன வயதில் பெகுவில் இருந்தபோது அவனுக்குத் தொண்டைப் புண் வந்தது. கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாத்திரைகளை மூன்று நாள் போட்டான், சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது, அது இறங்கியதும் மறு முழங்கால், அப்புறம் மூச்சு வாங்கியது. ருமாட்டிக் காய்ச்சல். இதய வால்வு கெட்டுவிட்டது. இன்றும் நாலு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறான். தொண்டை வலி தானாகவே சில நாளில் அடங்கிவிடும். 10 நாள் மருந்து இந்த வால்வுக்காகத்தான். நோய் தொடங்கி 9 நாளுக்குள் மருந்தைத் தொடங்கினால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம், ஆகவே சில நாள் தாமதமாகியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

தடிப்பு ஒரு வாரத்தில் மங்கிவிடும். அதன் பிறகு விரல் நுனியில் தோல் உரியும், சில வாரம் வரை இருக்கலாம், அதற்கு எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் அடுத்த மூன்று வாரமும் சிறுநீரைப் பாருங்கள். கட்டன் சாயா நிறத்தில் போனாலோ காலையில் முகம் வீங்கியிருந்தாலோ சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும். இதை மருந்து முழுதாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, வாய் திறக்க வராவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று, காய்ச்சல் ஐந்து நாளுக்கு மேல் நீடித்து, கண் சிவந்து, உதடு வெடித்து, கை கால் வீங்கியிருந்தால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். அதிலும் நாக்கு இதே மாதிரி சிவக்கும், ஆனால் இந்த மருந்துக்கு அது கேட்காது.

மருந்து தொடங்கி ஒரு நாள் முழுதாக முடிந்து, காய்ச்சலும் இல்லையென்றால் பள்ளிக்கு அனுப்பலாம். அதுவரை தம்ளரும் துண்டும் தனியாக இருக்கட்டும், வீட்டில் மற்ற பிள்ளைகளையும் கவனியுங்கள். எங்கள் சின்னவன் ஐந்தாம் நாள் தொண்டை வலிக்கிறது என்றான். என் மாமியார்தான் முதலில் அவன் சட்டையைக் கழற்றி முதுகையும் நெஞ்சையும் தடவிப் பார்த்தார். தோல் வழவழப்பாக இருந்தது. ஆனாலும் கூட்டிப் போகச் சொன்னார். தடிப்பே இல்லாமலும் இதே கிருமி தொண்டையில் வரும் என்று சொல்லி, சயாமா அவனுக்கும் அதே மருந்தை அவன் எடைக்குக் கணக்குப் போட்டு 10 நாளுக்கு எழுதிக் கொடுத்தார்.