பேதி நின்ற பிறகும் ஜிங்க் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும், தினம் ஒரு 20 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை 14 நாளைக்கும் எழுதிக் கொடுத்தார்கள். நான்காம் நாளே பேதி நின்றுவிட்டது. மாத்திரை கொடுத்தால் சில சமயம் வாந்தி எடுக்கிறான். நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நிறுத்த வேண்டாம், மீதிப் பத்து நாளும் கொடுங்கள். தண்ணீராகப் போவது நின்றதும் ஓ.ஆர்.எஸ்.ஸை விட்டுவிடலாம். ஜிங்க் கணக்கு வேறு.

ஓ.ஆர்.எஸ்.ஸில் உள்ள குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து குடல் சுவர் வழியாக உடலுக்குள் போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொள்கின்றன. உயிரைக் காப்பது அதுதான். ஆனால் அது பேதியை நிறுத்துவதில்லை, இழந்த நீரை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை புதிதாக வளர்வது. புதுச் செல்கள் உருவாக ஜிங்க் வேண்டும். பேதியிலோ அதே ஜிங்க் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. மாத்திரை அந்த இழப்பை நிரப்புகிறது; குடல் சுவரிலிருந்து உப்பும் நீரும் குடலுக்குள் கசிவதையும் ஓரளவு குறைக்கிறது. பலன் மாயாஜாலம் இல்லை. பேதி சராசரியாக அரை நாளிலிருந்து ஒரு நாள் முன்னதாக நிற்கும். ஒரு வாரத்துக்கு மேல் இழுப்பதும் குறையும். ஏற்கெனவே ஜிங்க் குறைவாக உள்ள குழந்தைகளுக்கே ஆதாயம் அதிகம். ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தைகளில் இந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை.

சரி, பேதி நின்ற பிறகும் ஏன்? நின்றதாலேயே உடலின் இருப்பு நிரம்பிவிட்டது என்று ஆகாது. முழுதாகக் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி பேதி வருவது குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 14 நாள் என்கிறது. ஆக, உங்கள் மகனுக்கு நான்கு நாள் போதாது. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

இனி வாந்தி. உலோகச் சுவையும் வெறும் வயிறும் இதற்குக் காரணமாகலாம். கரையும் மாத்திரையானால் ஒரு தேக்கரண்டி சுத்தமான தண்ணீரில் கரைத்து, சாப்பிட்ட பிறகு கொடுங்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாத்திரத்தில் மட்டும் கரைத்துவிடாதீர்கள். அவன் பாதி குடித்தால் எவ்வளவு மருந்து போனது என்றே தெரியாது. 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 5, 10 மில்லிகிராம் அளவுகளும் 20 அளவுக்கு ஈடாக வேலை செய்தன, வாந்தியும் குறைந்தது. அதனால் தொடர்ந்து வாந்தி எடுத்தால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அரை மாத்திரை போதுமா என்று கேளுங்கள். நான் அதைத்தான் முதலில் யோசிப்பேன்.

இடையில் மறுபடி பேதி தொடங்கினால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, கண் உள்வாங்கினாலோ, குடிக்கவே முடியாமல் துவண்டாலோ, சிறுநீர் வெகுநேரம் வராவிட்டாலோ, ஜிங்க்கை நம்பி வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.