சாம்ஸ்கி நார்மல் ஃபார்ம்: எந்தப் படி முதலில், எது பிறகு?

கேள்வி: ஒரு சூழல் சாரா இலக்கணத்தைச் சாம்ஸ்கி நார்மல் ஃபார்முக்கு மாற்றும்போது எந்தப் படியை முதலில் செய்வது என்று குழப்பமாக இருக்கிறது. ஒரு புத்தகத்தில் எப்சிலானை முதலில் நீக்கச் சொல்கிறார்கள், இன்னொன்றில் விதிகளை முதலில் உடைக்கச் சொல்கிறார்கள். ஓர் உதாரணத்தை வைத்துப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பதில்:

நீங்கள் சொல்லும் இரண்டு வரிசையிலும் விடை சரியாகத்தான் வரும், ஆனால் நான் எப்போதும் விதிகளை முதலில் உடைத்துவிட்டு அப்புறம்தான் எப்சிலானைத் தொடுவேன். அதற்குக் காரணம் இலக்கணத்தின் அளவு. அதை உதாரணத்திலேயே காட்டுகிறேன். மாற்றக்கூடாத வரிசை ஒன்றும் உண்டு: எப்சிலானை நீக்கிய பிறகுதான், வலப்பக்கத்தில் ஒரே ஒரு மாறி மட்டும் இருக்கும் யூனிட் விதிகளை நீக்க வேண்டும்.

இந்தச் சின்ன இலக்கணத்தை எடுத்துக்கொள்வோம். நான்கே விதிகள்தான், ஆனால் வழியில் வரும் எல்லாச் சிக்கலும் இதற்குள் இருக்கிறது.

```
S -> a S b T | T
T -> c T | ε
```

`T` என்பது எத்தனை `c` வேண்டுமானாலும் தரும், ஒன்றுமே தராமலும் போகும். கடைசியில் நமக்கு வேண்டியது, ஒவ்வொரு விதியின் வலப்பக்கமும் இரண்டு மாறிகளாக மட்டும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே ஒரு டெர்மினலாக இருக்க வேண்டும். தொடக்க மாறிக்கு மட்டும் வெற்றுச் சரத்தைத் தர அனுமதி உண்டு, அதுவும் அந்த மாறி எந்த விதியின் வலப்பக்கத்திலும் வராமல் இருந்தால்தான்.

இங்கே `S` தன் வலப்பக்கத்திலேயே வருகிறது. அதனால் முதல் வேலையாக `S0` என்று புதிய தொடக்க மாறி ஒன்றை வைத்து `S0 -> S` என்று எழுதிவிடுகிறோம். பலர் இதைச் சடங்கு மாதிரி செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள், இது எதற்கு என்பது எப்சிலான் படியில்தான் தெரியும்.

அடுத்து டெர்மினல்கள். நீளமான வலப்பக்கத்துக்குள் இருக்கும் `a`, `b`, `c` ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறி கொடுக்கிறோம்.

```
S0 -> S
S -> A S B T | T
T -> C T | ε
A -> a    B -> b    C -> c
```

ஒரு விதியின் வலப்பக்கத்தில் டெர்மினல் தனியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். `T -> c` என்று ஒரு விதி ஏற்கெனவே இருந்திருந்தால் அது நமக்கு வேண்டிய வடிவத்திலேயே இருக்கிறது, அதை `T -> C` ஆக்கினால் தேவையில்லாமல் ஒரு யூனிட் விதியை நாமே உண்டாக்கிய மாதிரி ஆகும்.

இப்போது உடைப்பது. இரண்டு மாறிக்கு மேல் உள்ள விதி ஒன்றுதான், `S -> A S B T`. முதல் மாறியை அப்படியே விட்டு மீதியை ஒரு புதிய மாறியிடம் கொடுக்கிறோம், அந்தப் புதிய மாறியிடமும் அதே மாதிரி.

```
S0 -> S
S -> A X | T
X -> S Y
Y -> B T
T -> C T | ε
A -> a    B -> b    C -> c
```

`X`, `Y` இரண்டும் புதிய பெயர்களாக இருக்க வேண்டும். இன்னொரு நீள விதி இருந்து, அதற்கும் இதே `X`-ஐப் பயன்படுத்தி வேறொரு வலப்பக்கத்தைக் கொடுத்தால் இரண்டு விதிகளின் வால்களும் கலந்து, பழைய இலக்கணத்தில் இல்லாத சரங்கள் உள்ளே வந்துவிடும். இரண்டு விதிகளின் வாலும் அச்சாக ஒன்றாக இருந்தால் மட்டும் ஒரே மாறியைப் பகிரலாம்.

சரி, எப்சிலான். முதலில் எந்தெந்த மாறிகள் வெற்றுச் சரத்தைத் தரக்கூடியவை என்று கண்டுபிடிக்க வேண்டும். நேரடியாகத் தருவது `T`. `S -> T` இருப்பதால் `S`-உம் தரும். `S0 -> S` இருப்பதால் `S0`-உம் சேர்கிறது. `Y -> B T` என்பதில் `B` ஒருபோதும் மறையாது, ஆகவே `Y` சேராது, `Y` இல்லாததால் `X`-உம் சேராது. புதிதாக எதுவும் சேராத வரை இப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். `T`-இல் மட்டும் கண்ணை வைத்துவிட்டு `S`-ஐ விட்டுவிடுவதுதான் விடைத்தாள்களில் அதிகம் தெரியும் பிழை.

பிறகு, மறையக்கூடிய மாறி வலப்பக்கத்தில் வரும் ஒவ்வொரு இடத்திலும் அது இருக்கும் வடிவம், இல்லாத வடிவம் இரண்டையும் எழுதி, கடைசியில் `T -> ε` விதியை எடுத்துவிடுகிறோம்.

```
S0 -> S | ε
S -> A X | T
X -> S Y | Y
Y -> B T | B
T -> C T | C
A -> a    B -> b    C -> c
```

`S`-உம் மறையக்கூடியதுதான், ஆனால் `S -> ε` என்று நாம் எழுதவில்லை, `S0`-க்கு மட்டும் எழுதினோம். `S0` யாருடைய வலப்பக்கத்திலும் இல்லாததால் அந்த எப்சிலான் ஒரு தருவிப்பின் நடுவில் நுழைய வழியே இல்லை. தனித் தொடக்க மாறி வைத்ததன் பயன் இதுதான். இப்படி `S0` தவிர மற்ற ஒவ்வொரு மாறியும் குறைந்தது ஓர் எழுத்தையாவது தரும் என்று ஆகிவிடுகிறது. ஒரு சரம் இலக்கணத்தின் மொழியில் இருக்கிறதா என்று சோதிக்கும் சிஒய்கே அல்காரிதம் அந்தச் சரத்தை இரண்டு வெறுமையில்லாத துண்டுகளாகப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது இந்த உறுதியை நம்பித்தான்.

இங்கேதான் வரிசை பற்றிய உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. உடைக்காமல், `S -> A S B T` என்று நீளமாக இருக்கும்போதே எப்சிலானை நீக்கியிருந்தால் `S`, `T` இரண்டும் மறையலாம் என்பதால் `A S B T`, `A B T`, `A S B`, `A B` என்று நான்கு வடிவங்களை எழுதி, அதன் பிறகு அவற்றைத் தனித்தனியாக உடைக்க வேண்டியிருந்திருக்கும். இரண்டு மாறிக்கு நான்கு என்பது பெரிதாகத் தெரியாது. வலப்பக்கத்தில் மறையக்கூடிய வெவ்வேறு மாறிகள் 10 இருக்கும் ஒரே ஒரு விதியை நினைத்துப் பாருங்கள், எல்லாமே மறைந்துபோகும் வடிவத்தை விட்டுவிட்டாலும் 1023 விதிகள் வரும். அதே விதியை முதலில் உடைத்தால் 9 இருமாறி விதிகள், ஒவ்வொன்றும் எப்சிலான் படியில் அதிகபட்சம் மூன்றாகும், மொத்தம் 27. அதன் பிறகு யூனிட் விதிகளை நீக்கும்போது மறுபடியும் கொஞ்சம் பெருகும்தான், ஆனால் அது இலக்கண அளவின் வர்க்கத்தோடு நிற்கும், அடுக்குக்குறியாக வெடிக்காது. பாடப்புத்தகங்கள் பல இந்த வெடிப்பைத் தரும் வரிசையையே சொல்கின்றன என்பதை மார்ட்டின் லாங்கே, ஹான்ஸ் லைஸ் இருவரும் 2009-இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள். தேர்வில் வரும் மூன்று வரி இலக்கணத்துக்கு எந்த வரிசையும் ஒன்றுதான், நிரலாக எழுதி நிஜ இலக்கணத்தில் ஓட்டினால் வித்தியாசம் உடனே தெரியும்.

கடைசிப் படி யூனிட் விதிகள். மேலே உள்ள பட்டியலில் அவை `S0 -> S`, `S -> T`, `X -> Y`, `Y -> B`, `T -> C`. இதில் பின் மூன்றும் எப்சிலானை நீக்கியதால் பிறந்தவை. அதனால்தான் இந்தப் படி எப்சிலானுக்குப் பிறகு வர வேண்டும் என்றேன், முன்னாலேயே செய்திருந்தால் இந்த மூன்றும் அப்படியே தங்கியிருக்கும். `Y -> B` பார்க்க அப்பாவியாக இருக்கும், `B` எப்படியும் `b` மட்டும்தானே தரும் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனாலும் அது ஒற்றை மாறி விதிதான், நீக்கியே ஆக வேண்டும்.

நீக்கும் முறை எளிது. ஒரு மாறியிலிருந்து யூனிட் விதிகள் வழியாக மட்டும் எந்தெந்த மாறிகளை அடைய முடியுமோ, அவற்றின் யூனிட் அல்லாத விதிகளையெல்லாம் இந்த மாறிக்கும் எழுதிவிட்டு யூனிட் விதியை அடித்துவிட வேண்டும். சங்கிலியின் அடியிலிருந்து மேலே வந்தால் கையால் செய்வது வசதி. `T` முதலில், `C`-இடமிருந்து `c` கிடைக்கிறது. `Y`-க்கு `B`-இடமிருந்து `b`. `X`-க்கு `Y`-இன் இரண்டும். `S`-க்கு `T`-இன் இரண்டும். கடைசியாக `S0`-க்கு `S`-இன் மூன்றும்.

```
S0 -> A X | C T | c | ε
S -> A X | C T | c
X -> S Y | B T | b
Y -> B T | b
T -> C T | c
A -> a    B -> b    C -> c
```

யூனிட் விதிகள் வட்டமாகச் சுற்றினால், அதாவது `P -> Q`, `Q -> P` இரண்டும் இருந்தால், அடியிலிருந்து மேலே வரும் முறை நடக்காது, ஏனென்றால் அடி என்று ஒன்று இல்லை. அப்போது ஒவ்வொரு மாறிக்கும் அடையக்கூடிய மாறிகளின் பட்டியலை முதலில் முழுவதும் போட்டுவிட்டு, அப்புறம் விதிகளைச் சேர்த்தால் சிக்கல் இல்லை. `P -> P` மாதிரி தன்னையே தரும் விதி வந்தால் யோசிக்காமல் அடித்துவிடலாம்.

நான்கு விதிகள் 17 ஆகிவிட்டன. சரியாகச் செய்தோமா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. சாம்ஸ்கி நார்மல் ஃபார்மில் நீளம் `n` உள்ள எந்தச் சரத்துக்கும் (`n` குறைந்தது 1) தருவிப்பு மிகச் சரியாக `2n - 1` படிகள் எடுக்கும், `n - 1` முறை ஒரு மாறி இரண்டாகப் பிரியும், `n` முறை மாறி டெர்மினலாகும். `abc` என்ற சரத்தை எடுப்போம். பழைய இலக்கணத்தில் இதற்கு நடுவிலிருக்கும் `S` மறைய வேண்டும், ஆகவே எப்சிலான் படியையும் சேர்த்தே சோதிக்கிறது.

```
S0 => A X => a X => a B T => a b T => a b c
```

ஐந்து படிகள், 2 × 3 − 1. படிக்கணக்கு அதிகமாக வந்தால் யூனிட் விதியோ எப்சிலான் விதியோ எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சரத்தைத் தருவிக்கவே முடியவில்லை என்றால் பெரும்பாலும் மறையக்கூடிய ஒரு மாறியைப் பட்டியலில் விட்டிருப்பீர்கள். `ab`, `acb`, `aabb` மூன்றையும் நீங்களே போட்டுப் பாருங்கள், 3, 5, 7 படிகள் வர வேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த மாற்றம் மொழியைக் காப்பாற்றும், பாகுபாட்டு மரத்தைக் காப்பாற்றாது. மேலே `abc`-க்கு வரும் மரத்தில் நடு `S` இருந்ததற்கான தடயமே இல்லை. உங்களுக்குப் பழைய மரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு புதிய விதியும் எந்தப் பழைய விதியிலிருந்து, எந்த மாறியை மறைத்து வந்தது என்று மாற்றும்போதே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சிஒய்கே ஓட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் விதிகளை உடைப்பதோடு நிறுத்திவிட்டு, மறையக்கூடிய மாறிகளையும் யூனிட் சங்கிலிகளையும் அல்காரிதத்துக்குள்ளேயே கவனித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 2009 கட்டுரை பரிந்துரைப்பதும் அதைத்தான்.