பத்து நிமிடத்தில் முடிந்தால் அது ஃபுல் ஃபார்மேட் இல்லை

பழைய லேப்டாப்பை விற்பதற்கு முன் கடையில் கொடுத்து ஃபார்மேட் செய்தேன். 1 டிபி ஹார்டு டிஸ்க். 'ஃபுல் ஃபார்மேட்' என்று பில் போட்டு, பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள். இப்போது வாங்கியவர் என் குடும்பப் படங்களும் ஆதார் நகலும் அதில் இருப்பதாகச் சொல்கிறார். – சேலம் வாசகி

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா. அந்தப் பத்து நிமிடமே சாட்சி.

குயிக் ஃபார்மேட் செய்தால் டிஸ்க்கின் அட்டவணை மட்டும்தான் புதிதாக எழுதப்படும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு போய்விடும், ஆனால் படமும் பிடிஎஃப்பும் இருந்த இடத்திலேயே அப்படியே கிடக்கும். வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரை ரெகுவா, ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளே அவற்றை எடுத்துக் கொடுத்துவிடும். விஸ்டாவில் தொடங்கி பிறகு வந்த எல்லா விண்டோஸிலும் ஃபுல் ஃபார்மேட் என்பது வேறு வேலை. டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும், கெட்டுப்போன இடங்களையும் குறித்துவைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி எழுதும் என்று வைத்தால், 1 டிபிக்கு 10,000 விநாடி, அதாவது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிய வழியே இல்லை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். 'ஃபார்மேட் போட்டாச்சு' என்று பல கடைகளில் சொல்வது விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதைத்தான். அந்த இன்ஸ்டால் திரையில் வரும் Format பொத்தானே குயிக் ஃபார்மேட்தான், அதையும் சி டிரைவில் மட்டும் செய்துவிட்டு டி டிரைவைத் தொடாமலே விடுகிறார்கள், நம் படங்கள் எல்லாம் இருப்பதோ டி டிரைவில். செய்யாத வேலைக்குக் காசு வாங்குவது ஒரு பக்கம், ஒரு குடும்பத்தின் ஆவணங்களை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. பில்லை எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாங்கியவர் நேர்மையானவர், அவரிடமே சொல்லி டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி, Quick Format என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு டிரைவாக ஃபார்மேட் செய்யச் சொல்லுங்கள். அந்த டிக் முதலிலேயே போட்டுத்தான் இருக்கும்.

கல்யாணப் படங்கள் இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தெரியாமல் குயிக் ஃபார்மேட் செய்துவிட்டேன். திரும்பச் சரியாகிறதா என்று பார்க்க சில சினிமாக்களைக் காப்பி செய்தேன். படங்கள் கிடைக்குமா? – திருச்சி வாசகர்

ஏன் சார் காப்பி செய்தீர்கள்? ஃபார்மேட்டில் போகாத படங்கள் அந்த சினிமாக்களால்தான் போகும். உடனே டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மீட்பு மென்பொருளை வேறு கணினியிலிருந்து ஓட்டி, கிடைப்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள், இதே டிஸ்க்கில் வேண்டாம். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை என்டிஎஃப்எஸ் ஆக இருந்து அதே என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்திருந்தால் ஃபைல் பெயர்களோடு கணிசமாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் ஃபோட்டோரெக் படங்களைத் தரும், பெயர் இருக்காது. சினிமா உட்கார்ந்த இடத்தில் இருந்தவை வராது.

பழைய எக்ஸ்பி கணினியிலேயே ஃபுல் ஃபார்மேட் செய்து டிஸ்க்கை விற்கலாமா? – மதுரை

கூடாது. எக்ஸ்பியின் ஃபுல் ஃபார்மேட் டிஸ்க்கைப் படித்துச் சோதிக்கும், அவ்வளவுதான், எதையும் அழிக்காது.

எஸ்எஸ்டிக்கும் இதே கதைதானா? – கோவை வாசகி

இல்லை. விண்டோஸ் 7 முதல், கணினிக்குள் மாட்டிய எஸ்எஸ்டியைக் குயிக் ஃபார்மேட் செய்தாலே 'இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை' என்று டிரிம் கட்டளை போய்விடும். அதற்குப் பிறகு மீட்பு மென்பொருளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அதனால் தவறுதலாக ஃபார்மேட் செய்தவருக்கு எஸ்எஸ்டியில் நம்பிக்கை குறைவு. விற்பதற்கு முன் தயாரிப்பாளரே தரும் மென்பொருளில் Secure Erase இருந்தால் அதைச் செய்யுங்கள். பென் டிரைவுகளில் பொதுவாக டிரிம் கிடையாது, அவற்றை ஹார்டு டிஸ்க் போலவே நடத்துங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறேன். கடைக்காரர் எதிரிலேயே ஃபார்மேட் செய்து காட்டுகிறேன் என்கிறார். போதுமா? – வேலூர்

போதாது. நான் அப்படி ஒன்று வாங்கினேன். கடையில் குயிக் ஃபார்மேட் சில விநாடிகளில் முடிந்தது, 500 ஜிபி பளிச்சென்று காட்டியது. வீட்டில் ஃபுல் ஃபார்மேட் போட்டால் பாதியில் சதவீதம் நகரவே இல்லை, உள்ளே டிக் டிக் என்று சத்தம். குயிக் ஃபார்மேட் கெட்ட இடங்களைத் தேடவே தேடாது, அதைக் காட்டுவதால் விற்பவருக்குத்தான் லாபம். இரண்டு நாள் திருப்பிக் கொடுக்கும் வாக்கை பில்லில் எழுதி வாங்குங்கள். முதல் இரவே ஃபுல் ஃபார்மேட் ஓட விடுங்கள். நடுவில் நின்றாலோ, வழக்கத்துக்கு மீறி நேரம் இழுத்தாலோ, காலையில் கடை திறக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.