ஏஜென்ட்டிடம் தங்கிய சரக்கு யாருடையது?

"அம்பத்தூரில் கண்ணாடி மேல்தட்டு கேஸ் அடுப்பு தயாரிக்கிறேன். தலா 2,000 ரூபாய் அடக்கத்தில் 100 அடுப்புகளை, 10,000 ரூபாய் லாரி வாடகை கொடுத்து, 5% கமிஷனுக்குத் திருநெல்வேலி ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். வழியில் லாரி கவிழ்ந்து 10 நொறுங்கின. மீதியை இறக்க 4,500, குடோன் வாடகை 3,000 என்று செலவு காட்டுகிறார். 70 அடுப்புகளைத் தலா 2,800-க்கு விற்றுவிட்டார், 20 அவரிடமே இருக்கின்றன. இந்த 30-க்கும் பணம் தர மாட்டேன் என்கிறார். வழக்குப் போடலாமா?"

போடலாம், ஆனால் ஜெயிக்காது. நீங்கள் அவருக்கு விற்கவில்லை, விற்றுத்தரச் சொல்லி அனுப்பினீர்கள். இதுதான் கன்சைன்மென்ட். விற்கும்வரை சரக்கு உங்களுடையது, ஆபத்தும் உங்களுடையது. விற்காத 20-க்கு விலை கேட்க முடியாது. வேண்டுமானால் சரக்கைத் திருப்பிக் கேளுங்கள். வழியில் உடைந்ததற்கும் அவர் பொறுப்பல்ல. அவர் குடோனில், அவருடைய கவனக்குறைவால் உடைந்திருந்தால் பேச்சு வேறு.

இனி கணக்கு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மொத்தச் செலவு 2,10,000-ஐ, வந்துசேர்ந்த 90-ஆல் வகுத்து ஒன்றுக்கு 2,333 என்று எழுதிவிடுவார்கள். வழக்கமாக ஒன்றிரண்டு உடையும் சரக்கில், அந்தச் சாதாரண நட்டத்துக்கு அது சரி. லாரி கவிழ்ந்தது அசாதாரண நட்டம். அதை நல்ல சரக்கின் தலையில் ஏற்றினால் கையிருப்பு மதிப்பு பொய்யாக ஊதிவிடும். எனவே 100-ஆல்தான் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு 2,100, உடைந்த 10-க்கு 21,000. இறக்குகூலி நெல்லையில் செலவானது, உடைந்தவற்றுக்கு அதில் பங்கில்லை.

கையிருப்பு 20-க்கு அதே 2,100-உடன் இறக்குகூலிப் பங்கு 50 சேரும் (4,500-ஐ 90-ஆல் வகுத்தது). மொத்தம் 43,000. குடோன் வாடகையும் கமிஷனும் விற்பனைச் செலவு, கையிருப்பில் சேராது. அந்த அடுப்புகள் இனி 2,150-க்குக் கீழேதான் போகும் என்றால், போகும் விலையையே மதிப்பாக எழுதுங்கள்.

கன்சைன்மென்ட் கணக்கின் வரவுப் பக்கம் விற்பனை 1,96,000, நட்டம் 21,000, கையிருப்பு 43,000, ஆக 2,60,000. பற்றுப் பக்கம் 2,10,000, ஏஜென்ட் செலவு 7,500, கமிஷன் 9,800, ஆக 2,27,300. லாபம் 32,700. உடைந்த 21,000 இந்த லாபத்தைத் தொடவில்லை, கவனியுங்கள். அது தனிக் கணக்குக்குப் போகும். இன்ஷூரன்ஸில் 15,000 வந்தால், மீதி 6,000 உங்கள் பொது லாப நட்டக் கணக்கில் விழும். உடைந்தவற்றுக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிவரவையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

உங்கள் சண்டை லாரிக்காரரோடு. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன் 16-ஆம் பிரிவின்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் வழக்கே நிற்காது. நாட்களை எண்ணுவது உடைந்ததைப் பார்த்த தேதியிலிருந்து அல்ல. உடைவைக் குறித்து டிரைவர் கையெழுத்திட்ட எல்.ஆர். என்னும் லாரி ரசீதின் நகல் ஏஜென்ட்டிடம் இருக்கும், முதலில் அதை வாங்குங்கள். விற்பனைத் தொகையில் அவருடைய செலவும் கமிஷனும் போக, ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய பணம் 1,78,700 மட்டும். கூடவே 20 அடுப்புகள் தன்னிடம் இருப்பதாக ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.